செத்துப்போன சிம், பூட்டிய வருமானவரிக் கணக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு மீட்பு

என் தம்பியின் மனைவி திருச்சிக்காரி. 2022 மார்ச்சில் கல்யாணமாகி உவர்மலைக்கு வந்தாள். நான் அவளை மச்சாள் என்பேன், அவள் தன் ஊர் வழக்கப்படி என்னை அண்ணி என்பாள். என் தொழில் இங்குள்ள சில கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இறைவரிக் கணக்குப் பார்ப்பது. எல்லாம் இலங்கைக் கணக்குகள். இந்திய வருமானவரித் தளத்துக்குள் நான் நுழைந்ததே அவளால்தான், அதுவும் அவளே நுழைய முடியாமல் வாசலில் நின்றபோது.

2024 செப்டெம்பரில் அவளுடைய ஜிமெயிலுக்கு வந்து கிடந்த ஒரு வங்கிக் கடிதத்தைக் காட்டினாள். வேலை பார்த்த காலத்துச் சேமிப்பும் வீட்டில் கொடுத்ததுமாக 25 இலட்சம் இந்திய ரூபாய் திருச்சியில் நிலையான வைப்பில் இருக்கிறது. நாடு விட்டு வரும்போது கணக்கை முறைப்படி, வெளிநாட்டில் வதிபவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். 7.2 வீதப்படி வருட வட்டி 1,80,000 ரூபாய். என்ஆர்ஓ வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 வீத வரியும் அந்த வரியின்மேல் 4 வீத செஸ்ஸும் பிடிப்பார்கள், அதாவது 31.2 வீதம். பிடித்த தொகை 56,160 ரூபாய்.

வேறு வருமானம் அவளுக்கு இந்தியாவில் இல்லை. 2023-24 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் 3 இலட்சம் வரை வரி கிடையாது. ஆக, பிடித்தது முழுவதும் திரும்பி வரவேண்டிய பணம். ஆனால் அது தானாக வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்து கேட்கவேண்டும், கேட்பதற்குத் தளத்துக்குள் போகவேண்டும். கடவுச்சொல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஜூலை 31 என்ற கெடுவும் கடந்துவிட்டது. பிந்திய ரிட்டர்னுக்கு டிசெம்பர் 31 வரை நேரம் இருந்தது.

"மறந்தா என்ன அண்ணி, ரீசெட் பண்ணிக்கலாம்" என்றாள். ஒக்டோபர் 7ஆம் திகதி மாலை என் மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

வருமானவரி அடையாள எண்ணான பான் எண்ணைப் போட்டு Forgot Password தட்டினால் தளம் சில வழிகளைக் காட்டும். பதிவு செய்த கைத்தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி, ஆதாரில் உள்ள எண்ணுக்கு ஓடிபி, வங்கிக் கணக்கு வழியாக ஒரு குறியீடு, மின்கையெழுத்துச் சான்றிதழ். பார்க்க நிறைய வழிகள் போலத் தெரியும். அவள் விஷயத்தில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒரே சிம்மில் போய் முடிந்தன. அந்த சிம் செத்துப்போயிருந்தது.

எப்படிச் செத்தது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே வந்து வாழும் பலருக்கும் இதே கதைதான். அவள் திருச்சி எண்ணை ரோமிங்கில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா அங்கிருந்து வருடாந்த ரீசார்ஜ் போடுவார். 2024 தொடக்கத்தில் அந்தத் திட்டம் முடிந்தது, அப்பா மறந்துவிட்டார். அவளும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த சிம் ஒரு பழைய போனில், பெரும்பாலும் அணைந்த நிலையில், அலுமாரிக்குள் இருந்தது. இந்தியாவில் 90 நாள் தொடர்ச்சியாக அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா எதுவுமே இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது மிச்சம் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கும் ஏற்பாடு உண்டு, அவள் கணக்கில் அதுவும் இல்லை. முடக்கிய எண்ணை இன்னொரு 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

கொடுத்துவிட்டார்கள் என்பதை நாங்கள் தெரிந்துகொண்டது அவளுடைய அம்மாவின் போனிலிருந்து. அம்மாவின் வாட்ஸ்அப்பில் மகள் பெயருக்கு நேரே முழுக்கைச் சட்டை போட்ட ஒரு மீசைக்காரரின் படம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர் யாரோ என்று அம்மா நினைத்துக்கொண்டாராம். ஒரு எண் வெறுமனே இறந்துவிட்டதா, மறுபிறவி எடுத்துவிட்டதா என்று பார்க்க இதைவிட இலகுவான சோதனை எனக்குத் தெரியாது. அழைத்தால் "சேவையில் இல்லை" என்று வந்தால் எண் இன்னும் காத்திருப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் நிறுவனத்தின் கடைக்கு அடையாள அட்டையோடு போனால் மீட்கும் வாய்ப்பு உண்டு. புதிய முகம் தெரிந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு தவறைத் தடுத்தேன். மச்சாள் அதற்குள் ஒருமுறை ஓடிபி அனுப்பும் பொத்தானைத் தட்டிவிட்டாள். அப்புறம், "அந்த ஆளுக்கே போன் போட்டு நம்பரைக் கேட்டுடலாமா அண்ணி, பாத்தா நல்ல மனுஷனாத் தெரியுறார்" என்றாள். வேண்டாம் என்றேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஓடிபி கேட்டு வரும் அந்நியக் குரலை நம்பாதே என்று அவருக்கும் யாராவது சொல்லித்தான் வைத்திருப்பார்கள். அதோடு, அந்த எண் ஒரு பான் கணக்கின் திறப்பு என்று அவருக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எண் கைமாறிவிட்டது என்று தெரிந்த பிறகு அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. ஒவ்வொரு தடவையும் குறியீடு போவது அவர் போனுக்கு.

அதே வழியில் இன்னொரு பாதி இருக்கிறது, மின்னஞ்சல். அவள் 2019இல் கணக்கைத் திறந்தபோது வேலை பார்த்த நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தாள். வேலையை விட்ட வாரமே அதை மூடிவிட்டார்களாம். சொந்த ஜிமெயில் இருந்தும் அலுவலக முகவரியை ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்றான ஃபோர்ம் 16 தந்த அலுவலகப் பையன்தான் பதிவும் செய்து கொடுத்தான் என்றாள். அவனை நான் குறை சொல்லமாட்டேன், இங்கே என் வாடிக்கையாளர்கள் பாதிப்பேருக்கு நான்தான் அந்தப் பையன். அவர்கள் கணக்கில் என் மின்னஞ்சலைப் போட்டிருக்கிறேனா என்று அன்றிரவே ஒருமுறை சரிபார்த்தேன். இரண்டு பேருக்குப் போட்டிருந்தேன்.

ஆதார் வழி அதே செத்த எண்ணில் முடிந்தது. ஆதாரில் உள்ள கைத்தொலைபேசி எண்ணை மாற்ற 2024இல் ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைக்கவேண்டியிருந்தது. கட்டணம் அப்போது 50 ரூபாய்தான். ஆனால் அந்த 50 ரூபாய்க்குக் கொழும்பு போய், அங்கிருந்து திருச்சிக்கு விமானம் ஏறவேண்டும். கைக்குழந்தையோடு அது அந்த வருடம் நடக்காது என்று தம்பி சொல்லிவிட்டான். வங்கிக் குறியீட்டு வழியும் வங்கியில் உள்ள எண்ணுக்குத்தான் போகும். அங்கேயும் அதே எண்.

மிஞ்சியது மின்கையெழுத்துச் சான்றிதழ். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் இதுதான் நேர்வழி என்று நினைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். யுஎஸ்பி டோக்கனில் ஏற்றித் தரும் சான்றிதழ், அதில் உள்ள பான் எண்ணும் கணக்கின் பான் எண்ணும் ஒத்துப்போனால் போதும், கைத்தொலைபேசி இல்லாமலே கடவுச்சொல்லை மாற்றலாம். புதிதாக வாங்கிய சான்றிதழும் செல்லும், முன்பே பதிந்திருக்க வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை வாங்கும்போது ஆளைச் சரிபார்ப்பார்கள். இலகுவான வழி ஆதார் ஓடிபி, அதாவது மறுபடி அதே எண். மற்ற வழி பான் ஆவணமும் வீடியோவும். அதற்கும் கைத்தொலைபேசி உறுதிப்படுத்தல் உண்டு, வெளிநாட்டில் இருப்பவர் என்றால் ஆவணங்களைத் தூதரகம் உறுதிப்படுத்தித் தரவேண்டும். பிறகு டோக்கன் இந்தியாவிலிருந்து தபாலில் வரவேண்டும். ஒரு தடவை பாவிக்க இவ்வளவா என்று விட்டுவிட்டோம்.

சான்றிதழ் காலாவதியானவர்களின் நிலை வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் சென்னைக் கம்பனி ஒன்றில் பணிப்பாளர், வருடத்தில் பாதி நாள் இங்கே இருப்பார். சான்றிதழ் முடிந்துவிட்டது, கணக்கு பூட்டிவிட்டது என்று பதறி வந்தார். கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா என்றேன், இருக்கிறது என்றார். அப்படியென்றால் எதுவும் பூட்டவில்லை. உள்ளே போகலாம், பார்க்கலாம், நிரப்பலாம். கையெழுத்திடத்தான் முடியாது. சான்றிதழைப் புதுப்பிப்பது என்று சொல்கிறோமே தவிர உண்மையில் கிடைப்பது புதுச் சான்றிதழ். ஆகவே பழைய பதிவு அதற்குப் பொருந்தாது. கணினியில் emsigner என்ற கையெழுத்து மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க, My Profile பகுதியில் Register DSC போய்ப் புதியதைப் பதியவேண்டும். இதைச் செய்யாமல் நேரே ரிட்டர்னில் கையெழுத்திடப் போய்த்தான் பலர் பிழைச்செய்தி வாங்குகிறார்கள். அவர் கணக்கு அரை மணியில் சரியானது.

மச்சாளுக்கு அரை மணி போதவில்லை. எனக்கு வழி காட்டியது தளத்தின் நுழைவுப் பக்கத்திலேயே கீழே சின்னதாக இருந்த ஒரு வரி: Net Banking. கடவுச்சொல்லே இல்லாமல், வங்கியின் இணையக் கணக்குக்குள் போய், அங்கிருந்து வருமானவரித் தளத்துக்குள் நேரே தாவலாம். வங்கி உங்களை யாரென்று ஏற்கெனவே அறிந்திருப்பதால் வரித்தளம் வங்கியின் சொல்லை ஏற்றுக்கொள்கிறது. தேவை இரண்டு: அந்த வங்கி இந்த ஏற்பாட்டில் உள்ள வங்கிகளின் பட்டியலில் இருக்கவேண்டும், வங்கிக் கணக்கில் பான் பதிந்திருக்கவேண்டும். இரண்டும் இருந்தன. வரி பிடித்த கடிதத்திலேயே அவள் பான் இருந்தது.

வங்கிக்குள் நுழையவும் ஓடிபி வேண்டும்தான். அதுவும் அதே செத்த எண்ணுக்குத்தான் போகிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஆதாரில் உள்ள எண்ணை அப்போது கடல் கடந்து மாற்ற முடியாது. என்ஆர்ஓ கணக்கின் எண்ணைக் கடிதத்தில் மாற்றலாம், அதுவும் +94 என்று தொடங்கும் நம் ஊர் எண்ணுக்கே. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகவே உள்ள கணக்கு அது. ஆக, பிரச்சினை வரித்தளத்தில் இல்லை, வங்கியில் ஒரு எண்ணை மாற்றுவதில் இருக்கிறது என்று புரிந்தபோது எங்களுக்குப் பாதிப் பாரம் இறங்கியது. அவிழ்க்கவேண்டிய முடிச்சு ஒன்றுதான்.

வங்கியின் தளத்திலிருந்து தொடர்பு விவரம் மாற்றும் படிவத்தை எடுத்தோம். அதோடு கடவுச்சீட்டுப் பிரதி, இலங்கை வதிவிட விசாப் பக்கம், பான் அட்டைப் பிரதி. பிரதிகளை இந்தியத் தூதரகம் உறுதிப்படுத்தி இருக்கவேண்டும் என்று வங்கி கேட்டது. மச்சாளும் தம்பியும் ஞாயிறு இரவு ரயிலில் ஏறி, 14ஆம் திகதி திங்கட்கிழமை கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் வேலையை முடித்து, அன்றே கூரியரில் திருச்சிக் கிளைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினார்கள். குழந்தை என்னிடம் இருந்தது. இரவு முழுக்க ரயிலில் நின்றது நானோ என்று கேட்கும் அளவுக்கு அது என்னைப் படுத்தியது.

ஒக்டோபர் 30 அன்று வங்கியிலிருந்து மின்னஞ்சல். நிராகரித்துவிட்டார்கள். காரணம், கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

இது நான் முன்கூட்டியே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அவள் 2018இல் கணக்குத் திறந்தபோது தமிழில், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு கையெழுத்திட்டிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில், தம்பியின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்து. படிவத்தில் இட்டது இந்த இரண்டாவது. வங்கியில் இருப்பவருக்கு அவளைத் தெரியாது, அவர் முன்னால் இருப்பது திரையில் ஒரு பழைய கையெழுத்தும் தாளில் ஒரு புதிய கையெழுத்தும். நிராகரித்தது சரிதான். நானாக இருந்தாலும் நிராகரித்திருப்பேன்.

ஒருவேளை கேட்கலாம், கையெழுத்தையும் மாற்றிவிட்டால் என்ன என்று. அதற்கு வேறு படிவம், வேறு சரிபார்ப்பு, பல வங்கிகளில் கிளைக்கு நேரில் வரச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் எண்ணையும் கையெழுத்தையும் மாற்றக் கேட்பவரை எந்த வங்கியும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எனவே பழைய கையெழுத்துக்கே போனோம். மச்சாள் ஒரு பழைய காசோலைப் புத்தகத்தின் படத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையெழுத்தைத் தானே பழகினாள். படிவத்தில் பழைய கையெழுத்து, கடவுச்சீட்டுப் பிரதியின் ஓரத்தில் இரண்டும், பக்கத்தில் "இரண்டும் என்னுடையவை, திருமணத்துக்குப் பின் மாற்றினேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நவம்பர் 11 மறுபடி கொழும்பு.

இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. வங்கி வழி தவறினால் என்ன செய்வது என்று யோசித்து, வரித்தளத்தின் உதவிப் பிரிவுக்கும் எழுதினோம். மற்ற வழிகள் எதுவுமே இல்லாதவர்கள் efilingwebmanager@incometax.gov.in என்ற முகவரிக்குத் தங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதலாம். பான் அட்டை, ஓர் அடையாள ஆவணம், ஒரு முகவரி ஆவணம், கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி காரணத்தோடு ஒரு கடிதம், எல்லாவற்றிலும் சொந்தக் கையெழுத்து. காரணத்தை நான் சுருக்கமாகவே எழுதச் சொன்னேன்: எண் இந்தத் திகதியளவில் முடங்கியது, இப்போது வேறொருவரிடம் உள்ளது, பழைய மின்னஞ்சல் முன்னாள் நிறுவனத்துடையது, ஆதாரில் உள்ளதும் அதே எண், நான் வதிவது இலங்கையில். எண் வேறொருவரிடம் உள்ளது என்ற வரி முக்கியம். அது இல்லாவிட்டால் முதலில் கிடைக்கும் ஆலோசனை ஓடிபி வழியை முயன்று பாருங்கள் என்பதாகத்தான் இருக்கும். பான் அட்டையின் பிரதி தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அட்டை உண்மையிலேயே தேய்ந்துபோயிருந்தது. வெயிலில் வைத்துப் படமெடுத்து அனுப்பினோம். அது ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது.

நவம்பர் 27 பகல் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி, முதல்தடவையாக அவளுடைய இலங்கை எண்ணுக்கு: தொடர்பு எண் மாற்றப்பட்டது. அந்த வாரம் கிழக்கு முழுக்கப் பெருமழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அடுத்த நாள் இரவு மின்சாரம் வந்த ஒரு இடைவெளியில் உட்கார்ந்தோம்.

வங்கியின் இணையக் கணக்குக்குள் போனாள். ஓடிபி அவள் கையிலிருந்த போனுக்கே வந்தது, அதைப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். வரி என்ற பகுதியில் வருமானவரித் தளத்துக்கான இணைப்பு, அதைத் தட்டியதும் புதிய பக்கம் திறந்து அவளுடைய பெயரோடு முகப்பு வந்தது. கடவுச்சொல் கேட்கவே இல்லை.

அந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, உடனே ரிட்டர்ன் நிரப்பத் தொடங்குவது. முதலில் செய்யவேண்டியது வீட்டுப் பூட்டை மாற்றுவது. My Profile போய் வதிவு நிலையை வெளிநாட்டில் வதிபவர் என்று மாற்றினோம். பிறகு தொடர்பு விவரத்தில் பழைய எண்ணை நீக்கி, நாட்டுக் குறியீடு 94 தெரிவுசெய்து, முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு அவளுடைய எண்ணைப் போட்டோம். மின்னஞ்சல் இடத்தில் ஜிமெயில். உறுதிப்படுத்தும் குறியீடு மின்னஞ்சலுக்கு வந்தது. சேமித்தோம்.

வெளியேறிவிட்டு, வேண்டுமென்றே மறுபடி Forgot Password வழியாக வந்தோம். பூட்டு மாறிவிட்டதா என்று பார்க்க அதுவே சோதனை. இப்போது ஓடிபி ஜிமெயிலுக்கு வந்தது. புதுக் கடவுச்சொல் 8இலிருந்து 14 எழுத்துக்குள், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், ஒரு குறி எல்லாம் கலந்து இருக்கவேண்டும். மச்சாள் ஒரு நீளமான சொல்லைப் போட்டு இரண்டு தடவை மறுக்கப்பட்ட பிறகுதான் அந்த 14 என்ற எல்லை கண்ணில் பட்டது. மீசைக்காரரின் போனுக்கு இனி எதுவும் போகாது.

உதவிப் பிரிவுக்கு, கணக்கு மீண்டுவிட்டது, கோரிக்கையை மூடிவிடுங்கள் என்று எழுதினோம். திறந்து கிடக்கும் மீட்புக் கோரிக்கை ஒன்று பின்னால் எங்கோ கடவுச்சொல்லை மாற்றிவிடக் கூடாது என்பது என் பயம். அவசியமா என்று தெரியாது, நிம்மதிக்காகச் செய்தது.

ரிட்டர்ன் பெரிய வேலை இல்லை. வெளிநாட்டில் வதிபவர்கள் ITR-1 படிவத்தைப் பாவிக்கமுடியாது, ITR-2 எடுக்கவேண்டும். பணம் திரும்பி வரவேண்டிய என்ஆர்ஓ கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ரிட்டர்ன் ஏற்கப்பட்டும் பணம் நிற்கும். டிசெம்பர் 5 தாக்கல் செய்தோம். வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்ததால் பிந்தியதற்கான கட்டணமும் இல்லை. தாக்கல் செய்த பின் 30 நாளுக்குள் உறுதிப்படுத்தவேண்டும். அதை வங்கி வழியாக நுழைந்தே முடித்தோம். வங்கி வழி கிடைக்காதவர்களுக்கு இந்த ஓர் இடத்திலாவது தாள் வழி இருக்கிறது: ITR-V என்ற ஒப்புதலை அச்சிட்டு மையால் கையெழுத்திட்டு பெங்களூரு மத்திய செயலாக்க மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். இலங்கையிலிருந்து அனுப்பும்போது அந்த 30 நாளில் தபால் பயணமும் அடங்கும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

டிசெம்பர் 31 அன்று ஒரு சின்னச் சம்பவம். திருச்சியிலிருந்து அவளுடைய அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார், பிந்திய ரிட்டர்னுக்கு ஜனவரி 15 வரை நீட்டித்துவிட்டார்கள், இனி அவசரமில்லை என்று. நீட்டித்தது உண்மை. ஆனால் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தால் அந்தச் சலுகை இந்தியாவில் வதியும் தனிநபர்களுக்கு மட்டும். வங்கியின் முதல் நிராகரிப்புக்குப் பிறகு இன்னும் ஒரு நிராகரிப்பு வந்திருந்தால், அந்தச் செய்தியை நம்பி நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அப்படித் தவறியிருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி விண்ணப்பம் போட இடமுண்டு, ஆனால் அதில் ஏன் தாமதம் என்பதற்குச் சான்று காட்டவேண்டும். அதற்காகவே வங்கியின் நிராகரிப்பு மின்னஞ்சல், கூரியர் ரசீதுகள், உதவிப் பிரிவுக்கு எழுதியது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் பணம் வந்தது. 56,160 ரூபாயில் கொழும்புப் பயணம் இரண்டு, கூரியர் இரண்டு, ரயிலில் சாப்பிட்டது என்று மச்சாள் கழித்துக் கணக்குப் போட்டாள். எனக்குச் சம்பளமாக ஒரு சேலை எடுத்துத் தந்தாள்.

2025 மே மாதம் குடும்பமாகத் திருச்சி போனபோது ஆதார் மையத்துக்கும் போனாள். எந்த எண்ணைக் கொடுப்பது என்று எங்களுக்குள் வாக்குவாதம். புதிய இந்திய சிம் ஒன்று எடுக்கலாம் என்றான் தம்பி, அப்படி எடுத்தால் அதுவும் அலுமாரிக்குள்தான் போகும் என்றேன் நான். கடைசியில் அம்மாவின் எண்ணைக் கொடுத்தாள். அந்த எண் சாகாது, அம்மா அதில் நாள் முழுக்கப் பேசுகிறார். இப்போது ஆதார் ஓடிபி வேண்டுமென்றால் மச்சாள் திருச்சிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் இலக்கமாகச் சத்தம் போட்டு வாசிப்பார். இரண்டாவது தடவை கேட்டால்தான் சரியாக வரும், அதற்குள் நேரமும் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.